δ = ε/3 எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். x, 2-ஐ நெருங்கும்போது 3x − 1-இன் எல்லை 5 என்று நிரூபிக்கச் சொன்னால், "δ = ε/3 என்க" என்று ஆரம்பித்து மூன்றே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ε/3 எப்படி வந்தது? x-க்கு 2 போட்டாலே 5 வந்துவிடுகிறதே, அப்புறம் இந்த நிரூபணம் எதைத்தான் நிரூபிக்கிறது?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் ε/3 தானாக வந்து நிற்கும். x-க்கு 2 போட்டால் 5 கிடைக்கிறது என்பது, 2 என்ற ஒரே ஒரு புள்ளியில் சார்பின் மதிப்பைச் சொல்கிறது. எல்லை கேட்பது வேறு: 2-க்கு அக்கம்பக்கத்தில் உள்ள புள்ளிகளில் சார்பு என்ன செய்கிறது? சரியாக 2-இல் என்ன நடக்கிறது என்பதை எல்லை கண்டுகொள்வதே இல்லை. இப்படி ஒரு சார்பை நினைத்துப் பாருங்கள்: x ≠ 2 என்றால் g(x) = 3x − 1; x = 2 என்றால் மட்டும் g(2) = 100. இதில் 2-ஐப் பிரதியிட்டால் 100 வரும். ஆனால் 1.9, 1.99, 2.01 என்று பக்கத்துப் புள்ளிகளைப் போட்டால் 4.7, 4.97, 5.03 என்றுதான் வரும். g-இன் எல்லை 5தான், 100 இல்லை. 3x − 1-இல் பிரதியிட்டதும் சரியான விடை வந்துவிடுவதற்குக் காரணம், அந்தச் சார்பு 2-இல் தொடர்ச்சியாக இருப்பதுதான். தொடர்ச்சியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், நீங்கள் மூன்று வரியில் பார்த்த அந்த நிரூபணத்தைத்தான் காட்ட வேண்டும். பிரதியிடலாம் என்ற உரிமையே அங்கிருந்துதான் வருகிறது.

அடுத்தது "நெருங்குகிறது" என்ற சொல். பள்ளியில் எல்லையை விளக்கும்போது அட்டவணை போட்டு, "பாருங்கள், மதிப்புகள் 5-ஐ நெருங்கிக்கொண்டே போகின்றன" என்று சொல்வார்கள். அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. x-க்கு 1.9, 1.99, 1.999 என்று போட்டால் 3x − 1-க்கு 4.7, 4.97, 4.997 கிடைக்கும். இந்த மதிப்புகள் 5-ஐ நெருங்குகின்றன, உண்மைதான். ஆனால் 6-ஐயும் நெருங்குகின்றனவே! 6-இலிருந்து இவை இருக்கும் தூரம் 1.3, 1.03, 1.003 என்று குறைந்துகொண்டேதான் வருகிறது. அப்படியென்றால் எல்லை 6 என்று ஏன் சொல்லக் கூடாது? ஏனென்றால், 6-க்கு உள்ள தூரம் குறைந்தாலும் 1-க்குக் கீழே போகவில்லை. 5-க்கு உள்ள தூரமோ 0.3, 0.03, 0.003 என்று எந்தத் தடையும் இல்லாமல் குறைகிறது. ஆக, எல்லை என்பதற்கு வெறுமனே நெருங்கினால் போதாது. நாம் வேண்டுகிற அளவுக்கு, எவ்வளவு சிறிய தூரம் கேட்டாலும் அந்த அளவுக்கு நெருங்க வேண்டும். இதை எண்களில் பிடித்து எழுதுவதற்கு வெகுகாலம் ஆனது. நியூட்டனும் லைப்னிட்சும் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நுண்கணிதத்தை உருவாக்கிவிட்டார்கள். 1821-இல் கோஷி எல்லைக்குச் சொற்களால் ஒரு வரையறை தந்தார். அதை இன்று நாம் எழுதுகிற ε, δ அசமன்பாடுகளின் வடிவத்துக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் வையர்ஸ்ட்ராஸ். அத்தனை பெரியவர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்த ஒரு கருத்து முதல் வகுப்பில் மண்டையில் ஏறவில்லை என்றால் அதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

வரையறை இதுதான். x, a-ஐ நெருங்கும்போது f(x)-இன் எல்லை L என்றால்: எந்த ε > 0 கொடுத்தாலும், அதற்கேற்ற ஒரு δ > 0 கிடைக்கும், 0 < |x − a| < δ என்று இருக்கிற ஒவ்வொரு x-க்கும் |f(x) − L| < ε என்று இருக்கும். இதில் வருகிற மட்டு மதிப்புகளை "தூரம்" என்று படித்துப் பழகுங்கள். |x − 2| என்றால் x-க்கும் 2-க்கும் உள்ள தூரம். |f(x) − 5| என்றால் f(x)-க்கும் 5-க்கும் உள்ள தூரம். ε என்பது வெளியே வருகிற மதிப்பில் எவ்வளவு பிசகு பொறுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு. δ என்பது உள்ளே போடுகிற x-இல் எவ்வளவு பிசகை அனுமதிக்கலாம் என்ற வரம்பு. இதை இரண்டு பேர் விளையாடுகிற ஆட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். எதிராளி முதலில் ஒரு ε-ஐச் சொல்வார், தனக்குப் பிடித்த எந்த நேர்ம எண்ணையும் சொல்லலாம். அதைப் பார்த்த பிறகு நீங்கள் ஒரு δ-வைச் சொல்ல வேண்டும். அப்புறம் எதிராளி, உங்கள் δ-வுக்குள் அடங்குகிற ஏதாவது ஒரு x-ஐ எடுத்து, f(x) ε-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார். ஒரு x தாண்டினாலும் அந்தச் சுற்றில் நீங்கள் தோற்றீர்கள். அவர் எந்த ε சொன்னாலும் நீங்கள் ஜெயிக்க முடியும் என்றால் எல்லை L.

ஒரு சுற்று ஆடிப் பார்ப்போம். f(x) = 3x − 1, a = 2, L = 5. எதிராளி ε = 0.06 என்கிறார். அதாவது 3x − 1, 4.94-க்கும் 5.06-க்கும் இடையில் இருக்க வேண்டும். எந்த x-களுக்கு அப்படி இருக்கும்? 4.94 < 3x − 1 < 5.06 என்றால் 5.94 < 3x < 6.06, மூன்றால் வகுத்தால் 1.98 < x < 2.02. 2-இலிருந்து இரண்டு பக்கமும் 0.02 தூரம். ஆகவே δ = 0.02 என்று சொல்கிறீர்கள். எதிராளி விளிம்புக்குப் பக்கத்தில் போய் x = 2.019 எடுக்கிறார். 3 × 2.019 − 1 = 5.057. 5-இலிருந்து தூரம் 0.057, 0.06-க்குள் அடங்கிவிட்டது. இடது பக்கம் x = 1.981 எடுத்தால் 4.943 வரும், அதே 0.057 தூரம்தான். ஒருவேளை நீங்கள் தாராளமாக δ = 0.03 என்று சொல்லியிருந்தால்? எதிராளி x = 2.021 எடுப்பார், அது 0.03-க்குள்தான் இருக்கிறது. 3 × 2.021 − 1 = 5.063. தூரம் 0.063, வரம்பைத் தாண்டிவிட்டது. δ = 0.03 செல்லாது. இன்னொரு சுற்றில் எதிராளி ε = 0.0003 என்றால் இதே கணக்குப்படி δ = 0.0001 என்பீர்கள். இரண்டு சுற்றிலும் 0.06-க்கு 0.02, 0.0003-க்கு 0.0001 என்று மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது, கவனித்தீர்களா?

ஆனால் இப்படி எத்தனை சுற்று ஆடினாலும் அது நிரூபணம் ஆகாது. ε-க்கு முடிவில்லாத மதிப்புகள் உண்டு. ஒவ்வொன்றாக ஆடித் தீர்க்க முடியாது. அதனால்தான் ε-க்கு எண் எதுவும் போடாமல், ε என்ற எழுத்தாகவே வைத்துக்கொண்டு ஒரே தடவையில் எல்லாச் சுற்றுகளையும் முடிக்கிறோம். அதற்கு வேண்டிய கணக்கு ஒரே ஒரு வரிதான், இந்த விஷயத்தின் உயிரும் அதில்தான் இருக்கிறது:

|(3x − 1) − 5| = |3x − 6| = |3(x − 2)| = 3|x − 2|

இதைத் தூரங்களாகப் படியுங்கள். இடது ஓரத்தில் இருப்பது வெளியீட்டின் பிசகு. வலது ஓரத்தில் இருப்பது உள்ளீட்டின் பிசகைப் போல மூன்று மடங்கு. x, 2-இலிருந்து எவ்வளவு விலகினாலும், 3x − 1 ஐந்திலிருந்து அதைப்போல மிகச்சரியாக மூன்று மடங்கு விலகும். அந்த 3 வேறெதுவும் இல்லை, கோட்டின் சாய்வு. சரி, வெளிப்பிசகு ε-க்குள் அடங்க வேண்டும் என்றால் 3|x − 2| < ε ஆக வேண்டும். அதற்கு |x − 2| < ε/3 ஆக வேண்டும். |x − 2| என்பது நாம் δ-வால் கட்டுப்படுத்தப்போகும் அளவு. எனவே δ-வுக்கு ε/3-ஐ வைத்தால் போதும். நீங்கள் தேடிய ε/3 இதோ, இங்கிருந்துதான் வந்தது. பாடம் நடத்தும்போது இந்தக் கணக்கைப் பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, அதை அழித்தபின் விடையை மட்டும் முதல் வரியில் எழுதுவது வழக்கம். புதிதாகப் பார்ப்பவருக்கு அது வானத்திலிருந்து விழுந்தது போலத் தெரிவதில் தவறே இல்லை.

இனி நிரூபணத்தை முறைப்படி எழுதுவோம். விடைத்தாளில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

ε > 0 என்பது கொடுக்கப்பட்ட ஏதேனும் ஒரு எண் என்க.
δ = ε/3 என்று எடுத்துக்கொள்வோம். ε > 0 என்பதால் δ > 0.
0 < |x − 2| < δ என்று அமையும் ஏதேனும் ஒரு x-ஐ எடுத்துக்கொள்வோம். அப்போது
|(3x − 1) − 5| = |3x − 6| = 3|x − 2| < 3δ = 3 · (ε/3) = ε.
ஆகவே x, 2-ஐ நெருங்கும்போது 3x − 1-இன் எல்லை 5.

முதல் வரியில் ε-ஐ "கொடுக்கப்பட்டது" என்கிறோம். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. "ε = 0.01 என்க" என்று எழுதினால் ஒரு சுற்றை மட்டும் ஜெயித்ததாக ஆகும். இரண்டாவது வரியில் δ-வை நாம் தேர்ந்தெடுக்கிறோம். அந்த δ-வில் ε மட்டுமே இருக்கலாம். x இருக்கக் கூடாது, ஏனென்றால் x இன்னும் வரவே இல்லை. δ > 0 என்று சொல்வதை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். வரையறை அதைக் கேட்கிறது, அதனால் அரை வரி என்றாலும் எழுதிவிடுங்கள். மூன்றாவது வரியில் x வருகிறது, அதையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை; நிபந்தனைக்குள் அடங்கும் எந்த x-க்கும் பொருந்தும்படிதான் அடுத்த வரியை எழுதுகிறோம். அந்த நான்காவது வரியில் "=" நிறைய வருகிறது, "<" ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: 3|x − 2| < 3δ. |x − 2| < δ என்ற நிபந்தனையைப் பயன்படுத்திய இடம் அதுதான். உங்கள் நிரூபணத்தில் அந்த நிபந்தனையை எங்கே பயன்படுத்தினீர்கள் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால், நிரூபணத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். 0 < |x − 2| என்ற பாதியோ, இந்தக் கணக்கில் எங்கும் தேவைப்படவில்லை. 3x − 1, 2-இலேயே 5 ஆக இருப்பதால் அங்கே பிசகு பூஜ்யம், அதுவும் ε-ஐவிடச் சிறியதுதான். முதலில் சொன்ன g மாதிரியான சார்பு வரும்போது அந்தப் பாதி அவசியமாகிவிடும். அது இல்லையென்றால் எதிராளி x = 2 என்று எடுத்து 100-ஐக் காட்டிவிடுவார். g-க்கு மேலே எழுதிய அதே நிரூபணம் ஓர் எழுத்து மாறாமல் பொருந்துவதற்கும் அதுதான் காரணம்.

பக்கத்தில் போட்ட கணக்குக்கும் நிரூபணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், முதல் வருட விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் அதிகம் பார்க்கிற பிழை இங்கேதான். பக்கக் கணக்கில், நமக்கு வேண்டிய முடிவிலிருந்து பின்னோக்கி வருகிறோம்: "3|x − 2| < ε வேண்டும், அப்படியானால் |x − 2| < ε/3 வேண்டும்." நிரூபணத்தில் முன்னோக்கிப் போகிறோம்: "|x − 2| < ε/3 என்று தெரியும், ஆகவே 3|x − 2| < ε." பலர் பின்னோக்கி வந்த கணக்கையே நிரூபணமாக எழுதி, "|(3x − 1) − 5| < ε, எனவே 3|x − 2| < ε, எனவே |x − 2| < ε/3, எனவே நிரூபிக்கப்பட்டது" என்று முடிப்பார்கள். இதில் நிரூபிக்க வேண்டியதே முதல் வரியில் உண்மையென்று வந்து உட்கார்ந்துவிட்டது. இப்படி எதையும் "நிரூபிக்க" முடியும்: −1 = 1 என்று தொடங்கி, இரண்டு பக்கமும் வர்க்கம் எடுத்தால் 1 = 1 என்ற உண்மை கிடைக்கும்; அதனால் −1 = 1 ஆகிவிடாது. நேர்கோட்டுக் கணக்கில் ஒவ்வொரு படியும் இரண்டு திசையிலும் செல்லும் என்பதால் இந்தப் பிழை தீங்கு செய்யாமல் ஒளிந்திருக்கும், சிலர் மதிப்பெண்ணும் கொடுத்துவிடுவார்கள். அடுத்த பாடத்தில் வர்க்கச் சார்பு வந்ததும் படிகள் ஒரு திசையில் மட்டுமே செல்லும், அங்கே மாட்டிக்கொள்வீர்கள். பக்கக் கணக்கை விடைத்தாளில் காட்டலாமா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிற வழக்கம். "தேடல்" என்று தனியாகக் குறித்துக் காட்டினால் நான் வரவேற்பேன். எப்படிக் காட்டினாலும், முன்னோக்கிச் செல்லும் அந்த வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

"ε முதலில், δ அப்புறம்" என்ற வரிசையையும் பலர் ஒரு சடங்காக நினைத்துவிடுகிறார்கள். அதைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. "எந்த δ கொடுத்தாலும் ஒரு ε கிடைக்கும்" என்று வரையறை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 3x − 1-இன் எல்லை 100 என்று "நிரூபிக்கிறேன்". எதிராளி δ = 1 என்கிறார். நான் ε = 99 என்கிறேன். |x − 2| < 1 என்றால் |(3x − 1) − 100| = |3(x − 2) − 95|, இது 3 + 95 = 98-ஐத் தாண்டாது, 99-க்குள் அடங்கிவிட்டது. வேறு எந்த δ கொடுத்தாலும் ε = 3δ + 96 என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். 100-க்குப் பதில் எந்த எண்ணைப் போட்டாலும் இதே கதைதான். பிசகைப் பார்த்த பிறகு வரம்பை நிர்ணயிக்க விட்டால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்.

உண்மையான வரையறையில் தவறான எல்லை எப்படி உடைகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். எல்லை 6 என்று யாரோ சொல்கிறார். இப்போது நீங்கள் எதிராளி. ε = 0.5 என்று சொல்லுங்கள். 3x − 1, 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்க வேண்டும், அதாவது 6.5 < 3x < 7.5, x ஏறத்தாழ 2.17-க்கும் 2.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்த இடைவெளி 2-ஐத் தொடவே இல்லை. அவர் எவ்வளவு சிறிய δ சொன்னாலும், 2-க்கும் 2 + δ-வுக்கும் இடையில், 2.1-ஐவிடச் சிறிய ஓர் x இருக்கும். அதை எடுத்தால் 3x − 1-இன் மதிப்பு 5.3-ஐவிடக் குறைவு, 6-இலிருந்து அதன் தூரம் 0.7-க்கும் மேல். எந்த δ-வும் அவரைக் காப்பாற்றாது. அட்டவணையில் "6-ஐயும் நெருங்குகிறதே" என்று வந்த குழப்பம் இங்கே ஒரே ஒரு ε-இல் தீர்ந்துவிடுகிறது.

மற்ற நேர்கோடுகளுக்கு இதே வேலைதான், ஒரு கவனம் மட்டும் தேவை. x, 1-ஐ நெருங்கும்போது 4 − 5x-இன் எல்லை −1 என்று காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். |(4 − 5x) − (−1)| = |5 − 5x| = |−5(x − 1)| = 5|x − 1|. மட்டுக்குள் இருந்த −5, வெளியே வரும்போது 5 ஆகிவிடுகிறது. δ = ε/5. சாய்வு −5 என்பதால் δ = −ε/5 என்று எழுதுகிறவர்கள் உண்டு; அது எதிர்ம எண், தூரத்துக்கு எதிர்ம வரம்பு வைத்தால் எந்த x-உம் உள்ளே வராது. "δ > 0" என்ற அந்த அரை வரியை எழுதும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை அந்த இடத்திலேயே கண்ணில் பட்டுவிடும். பொதுவாக f(x) = mx + c என்றால் |(mx + c) − (ma + c)| = |m||x − a|. m ≠ 0 என்றால் δ = ε/|m|. c கழிபட்டுப் போய்விடுகிறது, கோட்டை மேலேயோ கீழேயோ நகர்த்தினால் δ மாறாது. m = 0 என்றால் வகுக்க முடியாது, வகுக்கவும் வேண்டாம்: சார்பு மாறிலி, வெளிப்பிசகு எப்போதும் பூஜ்யம், δ = 1 என்றாலும் சரி, வேறு எந்த நேர்ம எண் என்றாலும் சரி. m = 0-ஐத் தனியாகச் சொல்லாமல் ε/|m| என்று எழுதிவிட்டால் பொது நிரூபணத்தில் ஓட்டை விழும்.

δ-வுக்கு ஒரே ஒரு சரியான மதிப்புதான் உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். நம் கணக்கில் ε/3 என்பது பொருந்துகிற δ-களில் மிகப் பெரியது, அவ்வளவுதான். ε/4, ε/10, ε/1000 எல்லாமே செல்லும், ஏனென்றால் சிறிய இடைவெளியில் இருக்கிற x-கள் எல்லாம் பெரிய இடைவெளியிலும் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்தவர் δ = ε/10 என்று எழுதியிருந்து, நீங்கள் ε/3 என்று எழுதியிருந்தால் இருவர் விடையும் சரி. அவருடைய கடைசி வரி மட்டும் 3 · (ε/10) < ε என்று முடியும். வரையறை கேட்பது δ ஒன்று இருக்கிறதா என்பதைத்தான்; சிறந்த δ எது என்று அது கேட்பதில்லை.

இந்த முறை எதுவரை போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். δ = ε/|m| இவ்வளவு எளிதாகக் கிடைத்ததற்குக் காரணம், நேர்கோட்டில் பிசகு எல்லா இடத்திலும் ஒரே மடங்காகப் பெருகுவதுதான். x²-இல் அப்படி இல்லை. x, 2-ஐ நெருங்கும்போது x²-இன் எல்லை 4 என்று காட்டப் போனால் |x² − 4| = |x + 2||x − 2| என்று வரும். முன்பு 3 இருந்த இடத்தில் இப்போது |x + 2| இருக்கிறது, அது x-உடன் சேர்ந்து மாறுகிறது. பழைய பழக்கத்தில் δ = ε/|x + 2| என்று எழுதக் கை துடிக்கும்; δ-வில் x வரக் கூடாது என்பதால் அது செல்லாது. அதனால் முதலில் x-ஐ 2-இலிருந்து 1 தூரத்துக்குள் அடைத்துவிடுகிறோம்: |x − 2| < 1 என்றால் 1 < x < 3, எனவே |x + 2| < 5. மாறிக்கொண்டிருந்த மடங்குக்கு இப்போது 5 என்ற உச்சவரம்பு கிடைத்துவிட்டது. இனி ε/5 என்று எடுக்கலாம், ஆனால் 1-க்குள் அடைத்ததும் நிலைக்க வேண்டும். ஆகவே 1, ε/5 இரண்டில் எது சிறியதோ அதை δ-வாக எடுக்கிறோம். அப்போது |x² − 4| = |x + 2||x − 2| < 5 · (ε/5) = ε. நேர்கோட்டுக் கணக்கில் நான்காவது வரியில் செய்த அதே வேலைதான், ஒரு மடங்கைப் பிடித்துக் கட்டிய பிறகு. 3x − 1-ஐ வேறு வேறு சாய்வுகளோடு நாலைந்து முறை புத்தகம் பார்க்காமல் எழுதிவிட்டு, அப்புறம் x, 3-ஐ நெருங்கும்போது x²-இன் எல்லை 9 என்பதை எடுங்கள். அங்கே 5-க்குப் பதில் 7 வரும். ஏன் 7 என்று நீங்களே சொல்ல முடிந்தால், ε/3 எங்கிருந்து வந்தது என்பதும் உங்கள் கைக்கு வந்துவிட்டது.